நாராயணரின் பசுக்களும் பிங்கலரின் குறுக்குவழியும்

1356-ஆம் ஆண்டில் நாராயண பண்டிதர் ‘கணித கௌமுதி’ என்ற சமஸ்கிருத நூலை எழுதினார். அதில் ஒரு பசுக் கணக்கு வருகிறது. ஒரு பசு ஆண்டுக்கு ஒரு கன்று ஈனுகிறது. பிறக்கும் கன்றும் மூன்று ஆண்டு வளர்ந்தபின், தாயைப் போலவே ஆண்டுக்கு ஒரு கன்று ஈனத் தொடங்குகிறது. இருபது ஆண்டுகளில் அந்த ஒரு பசுவிலிருந்து எத்தனை பசுக்கள் ஆகியிருக்கும்? பிறப்பவை எல்லாமே கிடாரிக் கன்றுகள், எதுவும் சாகாது, எதையும் விற்பதில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், 1202-இல், இத்தாலியின் பிபனாச்சி முயல்களை வைத்து இதேபோல் ஒரு கணக்குப் போட்டார். முயல் கணக்கு உலகப் புகழ் பெற்றுவிட்டது. பசுக் கணக்கோ கணித வரலாறு படிப்பவர்களிடையே தங்கிவிட்டது. எனக்கு இதுதான் கூடுதல் சுவையான கணக்காகப் படுகிறது. முயல் கணக்கில் அடுத்த எண்ணைச் சொல்ல முந்தைய இரண்டு எண்கள் போதும். இங்கே மூன்று தேவை. அந்த மூன்றாவது எண்ணால் கணக்கு எப்படி மாறுகிறது என்பதைப் பொறுமையாகப் பார்க்கலாம்.

தொடக்கத்தில், அதாவது பூஜ்ஜியமாவது ஆண்டில், ஈனும் பருவத்தில் ஒரே ஒரு பசு இருக்கிறது. முதல் ஆண்டு அது ஒரு கன்று போட, மொத்தம் 2. இரண்டாம் ஆண்டு 3, மூன்றாம் ஆண்டு 4. நான்காம் ஆண்டில் முதல் கன்றும் ஈனத் தொடங்கிவிடுகிறது. எனவே அந்த ஆண்டு இரண்டு கன்றுகள் பிறந்து மொத்தம் 6 ஆகிறது. ஐந்தாம் ஆண்டு 9, ஆறாம் ஆண்டு 13.

இந்த எண்களுக்குள் இருக்கும் விதியைப் பிடிக்க ஒரு கேள்வி போதும். இந்த ஆண்டு கன்று போடப்போவது எந்தெந்த மாடுகள்? மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பட்டியில் இருந்த அத்தனையும். அன்று பிறந்த கன்றுகூட இன்று ஈனும் வயதை எட்டிவிட்டது. அதற்குப் பின் பிறந்தவற்றில் ஒன்றும் எட்டவில்லை. ஆகவே இந்த ஆண்டு பிறக்கும் கன்றுகளின் எண்ணிக்கை, மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பட்டியில் இருந்த மொத்த எண்ணிக்கைக்குச் சமம். போன ஆண்டின் மொத்தத்தோடு அதைக் கூட்டினால் இந்த ஆண்டின் மொத்தம் வந்துவிடும். n-ஆம் ஆண்டின் மொத்தத்தை C(n) என்று எழுதினால் விதி இதுதான்:

```
C(n) = C(n-1) + C(n-3)
```

முன்னால் வந்த எண்களைக் கொண்டு அடுத்த எண்ணைச் சொல்லும் இத்தகைய விதிக்கு மீள்தொடர்பு என்று பெயர். பின்னோக்கி மூன்று ஆண்டு வரை பார்ப்பதால் இது மூன்றாம் வரிசை மீள்தொடர்பு. பழைய எண்களை நிலையான எண்களால் பெருக்கிக் கூட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்யாததால் இது நேரியல் மீள்தொடர்பு. இந்த ‘நேரியல்’ என்ற நிபந்தனைதான் பின்னால் வரும் வித்தைக்கெல்லாம் அடிப்படை.

நாராயணர் விடையைத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்துக் கூட்டிக் கண்டார். மூலப் பசு 1. அதன் நேர்க் கன்றுகள் 20. முதல் கன்று நான்காம் ஆண்டிலிருந்து இருபதாம் ஆண்டு வரை 17 கன்றுகள் போடும், அடுத்தது 16, அதற்கடுத்தது 15. இப்படியே குறைந்துகொண்டு போவதால், பேத்திக் கன்றுகள் 17-இலிருந்து 1 வரையான எண்களின் கூட்டுத்தொகை, அதாவது 153. அதற்கடுத்த தலைமுறைகளில் 560, 1001, 792, 210, கடைசியில் 8. எல்லாம் சேர்த்து 2745. கூட்டுத்தொகைகளின் கூட்டுத்தொகை, அவற்றின் கூட்டுத்தொகை என்று அடுக்கிக்கொண்டே போகும் அழகான வழி இது. இதே 2745-ஐ வேறு பாதையில் எட்டப் போகிறோம் என்பதால், இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு ஆண்டு கூட்டிக்கொண்டே போனாலும் இருபதாம் ஆண்டை எளிதாக எட்டிவிடலாம். ஆனால் நூறு கோடியாவது ஆண்டைக் கேட்டால் நூறு கோடிக் கூட்டல்கள் வேண்டும். இடையில் உள்ள ஆண்டுகளைத் தாண்டிக் குதிக்க வழி உண்டா?

குதிப்பதற்குத் தடையாக இருப்பது ஒன்றே ஒன்று. ஓர் ஆண்டின் மொத்த எண்ணிக்கையை மட்டும் சொன்னால் அடுத்த ஆண்டைக் கணிக்க முடியாது. பட்டியில் 13 மாடுகள் இருக்கின்றன என்றால், அவற்றில் எத்தனை ஈனும் வயதை எட்டியவை என்று தெரிய வேண்டும். இந்த ஆண்டு, போன ஆண்டு, அதற்கு முந்தைய ஆண்டு என மூன்று எண்களையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் பட்டியின் நிலை முழுமையாகத் தெரிந்துவிடும். எனவே ஒற்றை எண்ணை விட்டுவிட்டு, மூன்று எண்கள் கொண்ட ஓர் அடுக்கைக் கையில் எடுப்போம். ஓர் ஆண்டு நகரும்போது அடுக்குக்கு என்ன ஆகிறது? புதிய முதல் எண் என்பது பழைய முதல் எண்ணும் பழைய மூன்றாம் எண்ணும் சேர்ந்தது. புதிய இரண்டாம் எண் பழைய முதல் எண்ணேதான். புதிய மூன்றாம் எண் பழைய இரண்டாம் எண். இந்த மூன்று வாக்கியங்களையும் ஓர் அணியாக, அதாவது மேட்ரிக்ஸாக எழுதினால் இப்படி வரும்:

```
    | 1 0 1 |
M = | 1 0 0 |
    | 0 1 0 |
```

முதல் நிரையில் மீள்தொடர்பின் கெழுக்கள் இருக்கின்றன. போன ஆண்டுக்கு 1, அதற்கு முந்தைய ஆண்டுக்கு 0, மூன்று ஆண்டுகளுக்கு முந்தையதற்கு 1. கீழே உள்ள இரண்டு நிரைகளும் எதையும் கணக்கிடுவதில்லை. எண்களை ஒரு படி கீழே தள்ளி வைப்பது மட்டுமே அவற்றின் வேலை. மீள்தொடர்புக்குத் துணையாக வருவதால் இதைத் துணை அணி என்கிறார்கள். வேறொரு மூன்றாம் வரிசை மீள்தொடர்பு கிடைத்தால் முதல் நிரையை மட்டும் மாற்றினால் போதும். முந்தைய மூன்றையும் கூட்டச் சொல்லும் விதியானால் முதல் நிரை 1 1 1 ஆகும்.

அடுக்கை M-ஆல் ஒருமுறை பெருக்கினால் ஓர் ஆண்டு நகரும், இருமுறை பெருக்கினால் இரண்டு ஆண்டு. அணிப் பெருக்கலில் அடைப்புக்குறிகளை எங்கே போட்டாலும் விடை மாறாது. எனவே அடுக்கைத் தொடாமலேயே M-ஐ M-ஆல் பெருக்கி, ‘இரண்டு ஆண்டு நகர்த்தும் அணி’ ஒன்றைச் செய்துகொள்ளலாம். அதை அதனாலேயே பெருக்கினால் நான்கு ஆண்டு நகர்த்தும் அணி கிடைக்கும். ஆண்டுகளைத் தாண்டிக் குதிக்க வழி பிறப்பது இந்த இடத்தில்தான். அணிகளை எண்களைப் போலவே கூட்டிப் பெருக்கி அடுக்கேற்றலாம் என்பதை ஆர்தர் கேலி 1858-இல் ஒரு முழுக் கோட்பாடாக எழுதினார். நாராயணர் காலத்தில் அந்தக் கருவி இல்லை.

ஆனால் குதிப்பதற்கான முறை அதைவிட மிகப் பழையது. பிங்கலரின் ‘சந்தஸ் சூத்திரம்’ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சமஸ்கிருத யாப்பு நூல். லகு, குரு என்ற இருவகை அசைகளால் ஆன அடியில் எத்தனை வடிவங்கள் சாத்தியம் என்று அதில் கணக்கிட வேண்டியிருந்தது. ஆறு அசை என்றால் 2-ஐ ஆறுமுறை பெருக்க வேண்டும். பிங்கலர் அப்படிப் பெருக்கிக்கொண்டு போகவில்லை. எண் இரட்டைப்படை என்றால் பாதியாக்கு, ஒற்றைப்படை என்றால் ஒன்றைக் கழி, பூஜ்ஜியம் வரும்வரை இதைச் செய் என்றார். பிறகு வந்த வழியே திரும்ப வேண்டும். ஒன்றைக் கழித்த இடத்தில் இரண்டால் பெருக்கு, பாதியாக்கிய இடத்தில் வர்க்கமாக்கு. ஆறு பாதியாகி 3, ஒன்று கழித்து 2, பாதியாகி 1, ஒன்று கழித்து 0. திரும்பும்போது 1, 2, 4, 8, 64. பிங்கலருக்குத் தேவைப்பட்டது 2-இன் அடுக்கு. அவர் வழியில் இரண்டு என்று வரும் இடத்தில் M-ஐ வைத்துவிட்டால், நாராயணரின் பசுக்களை அவரே எண்ணித் தந்துவிடுவார்.

இருபதில் தொடங்குவோம். 20 பாதியாகி 10, பாதியாகி 5, ஒன்று கழித்து 4, பாதியாகி 2, பாதியாகி 1, ஒன்று கழித்து 0. திரும்பும்போது M-இன் அடுக்குகள் 1, 2, 4, 5, 10, 20 என்று ஏறும். இருபது படிக்குப் பதிலாக நான்கு வர்க்கங்களும், 4-இலிருந்து 5-க்குப் போக ஒரு சாதாரணப் பெருக்கலும் போதும்.

அணிப் பெருக்கலில் புதிய முதல் நிரை எப்படி வருகிறது? இடப்பக்க அணியின் முதல் நிரையில் உள்ள மூன்று எண்களையும் எடுத்து, வலப்பக்க அணியின் மூன்று நிரைகளை முறையே அவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். M-இன் வர்க்கத்துக்கு முதல் நிரை 1 1 1 என்று வருகிறது. அதன் வர்க்கமான நான்காம் அடுக்குக்கு 3 1 2. அதை M-ஆல் ஒருமுறை பெருக்கிய ஐந்தாம் அடுக்கு முழுமையாக இது:

```
      | 4 2 3 |
M^5 = | 3 1 2 |
      | 2 1 1 |
```

இதை வர்க்கமாக்குவோம். முதல் நிரைக்கு, மேல் நிரையை 4-ஆலும் நடு நிரையை 2-ஆலும் கீழ் நிரையை 3-ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். முதல் இடத்தில் 16, 6, 6 சேர்ந்து 28. இரண்டாம் இடத்தில் 8, 2, 3 சேர்ந்து 13. மூன்றாம் இடத்தில் 12, 4, 3 சேர்ந்து 19. மற்ற இரு நிரைகளையும் இப்படியே நிரப்பினால்:

```
       | 28 13 19 |
M^10 = | 19  9 13 |
       | 13  6  9 |
```

இன்னொரு வர்க்கம் போட்டால் இருபதாம் அடுக்கு வந்துவிடும். அதன் முதல் நிரை 1278, 595, 872.

இனி இந்த அணியைத் தொடக்க அடுக்கோடு பெருக்க வேண்டும். பூஜ்ஜியமாவது ஆண்டில் C(0) = 1 என்பது தெரியும். அடுக்கில் வேண்டிய மற்ற இரண்டு எண்கள், தொடக்கத்துக்கு முந்தைய இரு ஆண்டுகளுக்கு உரியவை. விதியையே பின்னோக்கி நடத்தினால் அவை கிடைக்கும். C(2)-இலிருந்து C(1)-ஐக் கழித்தால் 1, C(1)-இலிருந்து C(0)-ஐக் கழித்தால் 1. ஆக, தொடக்க அடுக்கு 1, 1, 1. அதனால் பெருக்குவது என்றால் நிரையில் உள்ள எண்களை அப்படியே கூட்டுவதுதான். 1278, 595, 872 மூன்றையும் கூட்டினால் 2745. நாராயணர் எட்டுத் தலைமுறைகளைக் கூட்டிக் கண்ட அதே எண்.

பத்தாம் அடுக்கின் அணியை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். முதல் நிரலில் மேலிருந்து கீழாக 28, 19, 13. நடு நிரலில் 13, 9, 6. கடைசி நிரலில் 19, 13, 9. இவை எல்லாமே பசுக்களின் எண்ணிக்கைகள்தாம். ஏழாம் ஆண்டு 19, எட்டாம் ஆண்டு 28. அதோடு நடு நிரை என்பது ஒன்பதாம் அடுக்கின் முதல் நிரை, கீழ் நிரை எட்டாம் அடுக்கின் முதல் நிரை. துணை அணியின் எந்த அடுக்கிலும் இப்படியே நடக்கும். எனவே ஒன்பது எண்களையும் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை, ஒரு நிரை தெரிந்தால் மற்றவற்றை அதிலிருந்து வருவித்துக்கொள்ளலாம். வேகம் முக்கியமான இடங்களில் நிரலாளர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

இருபது ஆண்டுக்கு இந்த முறை லாபமா என்றால், இல்லை. மூன்றுக்கு மூன்று அணிகள் இரண்டைப் பெருக்க 27 எண் பெருக்கல்கள் வேண்டும். ஐந்து அணிப் பெருக்கலுக்கு 135. விரலை மடக்கி இருபது கூட்டல் போடுவது அதைவிட எளிது. எண் பெரிதாகும்போதுதான் கதை மாறுகிறது. ஒன்றுக்குப் பின்னால் பதினெட்டு பூஜ்ஜியம் போட்ட ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு நூறு கோடிக் கூட்டல் செய்யும் கணினிகூட ஆண்டு ஆண்டாகப் போனால் முப்பத்தோரு வருடங்களுக்கு மேல் உழைக்க வேண்டும். பிங்கலர் வழியில் 59 முறை பாதியாக்கினால் போதும். இடையில் ஒன்றைக் கழிக்கும் படிகளையும் சேர்த்தாலும் அணிப் பெருக்கல்கள் நூறைத் தாண்டாது. அது கணினிக்கு ஒரு கண்ணிமைப்பு நேரம்கூட இல்லை.

ஆனால் அங்கே வேறொரு தடை நிற்கிறது, விடையின் பருமன். ஆண்டுகள் ஏற ஏறப் பட்டி ஆண்டுக்குச் சுமார் 1.4656 மடங்காகப் பெருகுகிறது. கணினியின் வழக்கமான 64 பிட் முழு எண் 114-ஆம் ஆண்டிலேயே நிரம்பி வழிந்துவிடும். மேலே சொன்ன பிரம்மாண்ட ஆண்டுக்கான விடையிலோ இலக்கங்கள் மட்டுமே 1600 கோடி கோடிக்கு மேல் இருக்கும். அதை எழுதி வைக்கவே இடம் போதாது. ஆகவே நிரல் போட்டிகளில் முழு விடையைக் கேட்பதில்லை, அதை ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகுத்தால் வரும் மீதியைத்தான் கேட்பார்கள். பெரும்பாலும் அந்த எண் 1000000007 என்ற பகா எண். ஒவ்வொரு பெருக்கலுக்குப் பின்னும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போனால் எண்கள் ஒருபோதும் வீங்காது, கடைசி மீதியும் சரியாக வரும். பைத்தானில் எழுதினால் பிங்கலரின் விதி கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை அப்படியே இருக்கும்:

```python
P = 10**9 + 7
I = [[1,0,0],[0,1,0],[0,0,1]]
M = [[1,0,1],[1,0,0],[0,1,0]]

def mul(A, B):
    return [[sum(A[i][k]*B[k][j] for k in range(3)) % P
             for j in range(3)] for i in range(3)]

def power(n):
    if n == 0:
        return I
    if n % 2 == 1:
        return mul(power(n-1), M)
    H = power(n // 2)
    return mul(H, H)

print(sum(power(20)[0]) % P)
```

இது 2745 என்று அச்சிடும். `H` என்ற பாதி அடுக்கை ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொண்டு அதையே இருமுறை பயன்படுத்துவது முக்கியம். அந்த வரியில் `mul(power(n//2), power(n//2))` என்று எழுதினாலும் விடை சரியாகவே வரும். ஆனால் பாதியை ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை கணக்கிடுவதால் சேமித்த உழைப்பு முழுவதும் வீணாகிவிடும். சிறிய எண்களில் இந்தக் குறை கண்ணில் படாது. பெரிய எண்ணைக் கொடுத்து நிரல் முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும்போதுதான் தெரியும்.

விடை சரியா என்று எப்படி அறிவது? இதற்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. M-இன் அணிக்கோவையைக் கணக்கிட்டால் 1 வரும். அணிகளைப் பெருக்கும்போது அணிக்கோவைகளும் பெருகும் என்பதால் M-இன் எந்த அடுக்குக்கும் அணிக்கோவை 1 ஆகவே இருக்க வேண்டும். பத்தாம் அடுக்கில் பாருங்கள். 28-ஐ 3-ஆல் பெருக்கினால் 84, அதிலிருந்து 13-இன் இருமடங்கான 26-ஐயும் 19-இன் மும்மடங்கான 57-ஐயும் கழித்தால் 1. நடுவில் உள்ள 9-ஐத் தவறுதலாக 8 என்று எழுதியிருந்தால் இதே கணக்கு -4 என்று வந்து பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும். மீதிகளை வைத்துக் கணக்கிடும்போதும் இந்தச் சோதனை செல்லும். மீதி எடுப்பதற்கு முன்பே பெருக்கல் வழிந்து எண் கெட்டுப்போயிருந்தால் அணிக்கோவை பெரும்பாலும் 1 ஆக இருக்காது.

ஆனால் இந்தச் சோதனைக்கு அகப்படாத பிழை ஒன்றும் இருக்கிறது, ஆண்டுக் கணக்கை ஒன்று முன்பின்னாக எடுத்துவிடுவது. பத்தாம் அடுக்குக்குப் பதில் ஒன்பதாம் அடுக்கைக் கணக்கிட்டாலும் அணிக்கோவை 1 தான். இத்தகைய கணக்குகளில் அதிகம் நேரும் பிழையும் இதுவே. தொடக்க அடுக்கு பூஜ்ஜியமாவது ஆண்டுக்கு உரியதா, இரண்டாம் ஆண்டுக்கு உரியதா என்பதைப் பொறுத்து அடுக்கு n ஆகலாம், n-2 ஆகலாம். 3, 2, 1 என்ற அடுக்கில் தொடங்கினால் இருபதாம் ஆண்டுக்குப் பதினெட்டாம் அடுக்கே போதும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கையால் எண்ணிய சிறிய ஆண்டுகளோடு ஒப்பிடுவது. 0, 3, 4 ஆகிய ஆண்டுகளுக்கு 1, 4, 6 என்று வருகிறதா என்று பார்த்துவிட்டால் பிறகு பயமில்லை.

நாராயணரின் பட்டியில் சிறிது மாற்றம் செய்தால் என்ன ஆகும்? ஆண்டுதோறும் சந்தையில் இரண்டு பச்சிளம் கிடாரிக் கன்றுகளை வாங்கிச் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விதியின் கடைசியில் 2 கூடுதலாகச் சேரும். அந்த 2 முந்தைய எண்கள் எதிலிருந்தும் வருவதில்லை என்பதால் மூன்றுக்கு மூன்று அணியில் அதற்கு இடமில்லை. அடுக்கின் அடியில் எப்போதும் 1 ஆகவே இருக்கும் நான்காவது எண் ஒன்றைச் சேர்த்துவிட்டால் இடம் கிடைத்துவிடும்:

```
| 1 0 1 2 |
| 1 0 0 0 |
| 0 1 0 0 |
| 0 0 0 1 |
```

கடைசி நிரை அந்த 1-ஐ மாறாமல் காக்கிறது, முதல் நிரை அதை இரண்டால் பெருக்கி எண்ணிக்கையோடு சேர்க்கிறது. ஆண்டுக்கு இத்தனை பங்கு மாடுகள் இறக்கும் என்றாலும், ஒவ்வொரு வயதுக்கும் ஈனும் விகிதம் வேறு என்றாலும், அணியின் எண்களை மாற்றி அமைத்துக்கொள்ளலாம். பி. எச். லெஸ்லி 1945-இல் விலங்குத் தொகைகளை வயது வாரியாகப் பிரித்து ஆராய்ந்தது இத்தகைய அணிகளைக் கொண்டுதான்.

இவை எல்லாவற்றிலும் விதி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. ஒரு வருடம் பஞ்சம் வந்து கன்று போடுவது பாதியாகக் குறைகிறது, அடுத்த வருடம் நல்ல மழை என்றால், ஒவ்வொரு ஆண்டுக்கும் ஓர் அணி வேண்டியிருக்கும். அப்போது வர்க்கமாக்க ஒரே M கிடையாது. எந்த ஆண்டையும் தாண்டிக் குதிக்காமல், இருபது அணிகளையும் வரிசை மாறாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருக்கித்தான் ஆக வேண்டும்.